பதிமூன்றாவது வழி

ஒரே வேலைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் விண்ணப்பம் போட்டால் வீட்டில் சண்டை வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வரவில்லை. வந்திருந்தால் தேவலை. ஒரு வாரமாக ஒருவருக்கொருவர் அப்படி ஒரு மரியாதை. "நீ முதல்ல குளிக்கிறியா?" "இல்ல இல்ல, நீ போ." பாத்திரம் கழுவ இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். விருந்தாளி வீட்டில் தங்கியதுபோல ஆகிவிட்டது குடித்தனம்.

அவனுடைய அம்மா கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்குக் கிடைச்சா என்னடா, இந்த வீட்டுக்குத்தானே வரப்போகுது" என்றாள். சொல்வது சுலபம். இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே கணிதத் துறையில், தற்காலிக விரிவுரையாளர்கள். ஒவ்வொரு ஆண்டும் யாராவது மனம் வைத்தால்தான் அடுத்த ஆண்டு. இப்போது ஒரு நிரந்தர இடம் வந்திருக்கிறது. அதை நிரப்பியதும் தற்காலிக இடங்களை எடுத்துவிடப்போகிறார்கள். அடுத்த ஆண்டு அந்தத் துறையில் இவர்கள் இருவரில் ஒருவர்தான் இருப்பார். மற்றவர் வேறு ஊர், வேறு கல்லூரி என்று வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

அவனுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஏணி. ஆள் உயரம் என்பதால் மட்டும் இல்லை. தொகுத்தறிதல் என்ற நிறுவல் முறையை நடத்தும்போது, "ஏணியோட முதல் படியில கால் வைக்க முடியுமா? ஒரு படியில இருந்தா அடுத்த படிக்குப் போக முடியுமா? ரெண்டும் முடியும்னா எவ்வளவு உயரமும் ஏறலாம்" என்று ஆண்டுதோறும் அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவான். அவள் பெட்டி. பெட்டி மேடம். வகுப்புக்குப் போகும்போதெல்லாம் கையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே மரத்துண்டுகள்: ஒரு கட்டத்தை மூடும் சதுரம், இரண்டு கட்டத்தை மூடும் டொமினோ. மேல்படிப்பில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் வீட்டில் வா, போ. கல்லூரிக்குள் நுழைந்துவிட்டால் சார், மேடம். அதை இருவரும் ஒரு நாளும் மீறியதில்லை.

அன்று காலை சமையலறையில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"இன்னிக்கு ஒரு விஷயம். பாவம் பார்க்காத."

"யாரு பார்த்தா?"

"நீ பார்ப்ப. உன் மூஞ்சியே சொல்லுது. கேள்வி கேக்கறப்போ நீ சும்மா ஏதாவது கேட்டு விட்டுட்டேன்னு வை, எனக்கு வேலை கிடைச்சாலும் அது நீ போட்ட பிச்சைன்னுதான் இருக்கும். அப்புறம் உன்கூட நான் பேசமாட்டேன்."

"நீ?"

"நான் பார்க்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

இந்தக் கேள்வி என்பது அந்தத் துறையின் வழக்கம். வேலைக்கு வருகிறவர் மாணவர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். முடிந்ததும் எதிர்ப் போட்டியாளர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிலுக்கும் மதிப்பெண் உண்டு, கேள்விக்கும் உண்டு. பிறத்தியாரின் கணக்கைக் கூர்ந்து கேட்கத் தெரியாதவர் வாத்தியாராக இருந்து என்ன பயன் என்பது துறைத்தலைவியின் கட்சி. யாரோ இரண்டு பேர் மோதும்போது இது நல்ல வழக்கம்தான். இரவு ஒரே வீட்டுக்குப் போகிறவர்கள் மோதும்போது எப்படி என்று அந்த அம்மாள் யோசித்திருக்கமாட்டார்.

கொடுத்த பொருள் இருவருக்கும் ஒன்றே. முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி எண்களைப் பற்றி, எப்போதும் உண்மையாக நிற்கும் ஒரு முற்றொருமையை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொண்டு இரண்டு விதமாக நிறுவ வேண்டும்: தொகுத்தறிதலால் ஒரு முறை, சதுரமும் டொமினோவும் வைத்துப் பட்டை நிரப்பி ஒரு முறை. ஆளுக்குப் பாதி பலம், பாதி பயம் என்று துறைத்தலைவி வேண்டுமென்றே வைத்ததுபோலத்தான் இருந்தது.

முதலில் ஏணி. வகுப்பறையில் மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முதல்வர், துறைத்தலைவி, வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர். நிபுணர் நரைத்த தலை, ஒல்லி உடம்பு, வாயைத் திறக்காத மனிதர். கடைசி வரிசையில் மடியில் பெட்டியோடு அவள்.

"ஒரு கட்டம் அகலத்துல ஒரு பட்டை. அதைச் சதுரத்தாலயும் டொமினோவாலயும் நிரப்பணும். நீளம் ஒண்ணுன்னா ஒரு வழி. ரெண்டுன்னா ரெண்டு வழி. மூணுன்னா மூணு, நாலுன்னா அஞ்சு, அஞ்சுன்னா எட்டு. நீளம் பூஜ்யம்னா? ஒண்ணும் வைக்காம விடறது ஒரு வழி" என்று தொடங்கி, கரும்பலகையில் 1, 1, 2, 3, 5, 8, 13 என்று எழுதினான். "முதல்ல இருந்து கொஞ்சம் எண்களைக் கூட்டுங்க. ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. பன்னிரண்டு. அஞ்சுக்கு ரெண்டு தள்ளி இருக்கிறது பதிமூணு. ஒண்ணு குறையுது. எப்பவும் இப்படித்தான்: எதுவரைக்கும் கூட்டினாலும், ரெண்டு தள்ளி இருக்கிற எண்ணுல ஒண்ணு குறைச்சா வரும்."

தொகுத்தறிதல் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் படி: வெறும் ஒன்று, அது இரண்டில் ஒன்று குறைவு, சரி. அடுத்தது: ஓர் இடம் வரை உண்மை என்றால் இரு பக்கமும் அடுத்த எண்ணைக் கூட்டு, வலப்பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்கள் சேர்ந்து அதற்கடுத்த எண்ணாகிவிடும், ஒன்று குறைவது அப்படியே நிற்கும். சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினான். மாணவர்கள் தலையாட்டினார்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அடுத்தது டொமினோ. ஆறு கட்டப் பட்டை ஒன்று வரைந்தான்.

"இதை நிரப்ப மொத்தம் பதிமூணு வழி. கடைசி டொமினோ எங்க இருக்குன்னு பார்க்கலாம். அஞ்சாவது, ஆறாவது கட்டத்துல இருந்தா முன்னாடி நாலு கட்டம், அஞ்சு வழி. ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளினா முன்னாடி மூணு கட்டம், மூணு வழி, பின்னாடி சதுரம்தான். இப்படியே ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. எல்லா வழியும் இதுல அடங்கிடுச்சு. அந்த ஒண்ணைக் கழிச்சா..." என்று கொஞ்சம் வேகமாகப் பேசி, 13 − 1 என்று எழுதி அடிக்கோடு போட்டான். இந்த மரத்துண்டு விளையாட்டின்மேல் அவனுக்கு என்றைக்குமே பெரிய மதிப்பு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தான். நேற்றுத்தான் அரைகுறையாகப் பார்த்து வைத்திருந்தான்.

"கேள்வி" என்றார் துறைத்தலைவி.

அவள் எழுந்தாள். "சார், எல்லா வழியும் இதுல அடங்கிடுச்சுன்னு சொன்னீங்க. நீங்க எழுதினதைக் கூட்டினா பன்னிரண்டுதான் வருது. பட்டைக்கோ பதிமூணு வழி. அப்போ ஒரு வழி எதுலயும் அடங்கலை. அது எந்த வழி?"

குரலில் ஒரு பிசிறு கிடையாது. அவன் கரும்பலகையைப் பார்த்தான். கடைசி டொமினோ இங்கே இருந்தால், இங்கே இருந்தால், இங்கே இருந்தால். வேறு எங்கே இருக்க முடியும்? பட்டை அவ்வளவுதானே. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். நாற்பது ஜோடிக் கண்கள் முதுகில் ஊறின.

"அது... சூத்திரத்துலயே ஒண்ணு கழியுது. இப்பத்தான் நிறுவினோம்."

"கழியுதுங்கிறது தெரியுது சார். எது கழியுதுன்னு கேட்டேன்."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். மணி அடித்தது. நிபுணர் எதையோ குறித்துக்கொண்டார். ஏணி கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். அவள் முன்னால் போகும்போது அவனைக் கடந்துதான் போனாள். பார்க்கவில்லை. பாவம் பார்க்கமாட்டேன் என்று சொன்னாள், பார்க்கவில்லை, வாக்கு தவறாதவள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம், அந்த நிமிஷத்தில் அவனுக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. மேசைமேல் ஏழு கட்டப் பட்டையை வைத்தாள். மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோடு.

"இந்தக் கோட்டுல என்ன நடக்குதுன்னு மட்டும் பாருங்க. ஒண்ணு, துண்டுகள் இங்க பிரிஞ்சு நிக்கும். அப்போ இந்தப் பக்கம் மூணு கட்டம், அந்தப் பக்கம் நாலு கட்டம். மூணு வழி, அஞ்சு வழி. பெருக்கினா பதினஞ்சு. இல்லையா, ஒரு டொமினோ கோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கும்" என்று ஒன்றை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தாள். "அப்போ இந்தப் பக்கம் ரெண்டு கட்டம் மிச்சம், அந்தப் பக்கம் மூணு. ரெண்டு மூணு ஆறு. பதினஞ்சும் ஆறும் இருபத்தொண்ணு. ஏழு கட்டத்துக்கு எத்தனை வழி? எட்டும் பதிமூணும் இருபத்தொண்ணு. முடிஞ்சுது. கோட்டை எங்க போட்டாலும் இதேதான்."

பின்பெஞ்சிலிருந்து ஒரு "ஓ" வந்தது. அவளுடைய வகுப்பில் அது அடிக்கடி வரும். அவன் வகுப்பில் வந்ததில்லை.

பிறகு தொகுத்தறிதல். இடப்பக்கத்தின் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை ஒவ்வொரு கட்டமாக நீட்டினாள். வலப்பக்கம் ஒரு கட்டம் என்றால் சரியா என்று பார்த்தாள், சரி. "இப்போ அடுத்தடுத்த ரெண்டு நீளத்துக்கு உண்மைன்னு வச்சுக்குவோம். ரெண்டு வரியையும் கூட்டறோம். அதுக்கடுத்த நீளத்துக்கு வந்துடுது." கூட்டல் அழகாக விழுந்தது. நிறுவல் முடிந்ததற்கு அடையாளமாகக் கீழே சின்னக் கட்டம் ஒன்று வரைந்தாள்.

ஏணி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒரு படிதான் பார்த்திருக்கிறாள். முந்திய இரண்டு நீளமும் இருந்தால்தான் மூன்றாவது வரும் என்று அவளே எழுதியிருக்கிறாள். வலப்பக்கம் ஒன்று என்பதைப் பார்த்தாகிவிட்டது. இரண்டு? அதைப் பார்க்கவில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் வழியே அவள் கணக்கில் இல்லை. ஏணி முதல் படியிலேயே அந்தரத்தில் நிற்கிறது. அவனுடைய கணக்குக்கு ஒரு படி போதும். அதைப் பார்த்த சூட்டில் அவளும் ஒன்றோடு நிறுத்திவிட்டாளோ என்னவோ. இந்தப் பிழைக்காக எத்தனை மாணவர்களின் விடைத்தாளில் சிவப்பு மை கொட்டியிருக்கிறான். முன்வரிசையில் மூன்று பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றியது.

"கேள்வி" என்றார் துறைத்தலைவி.

எழுந்து நிற்பதற்குள் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கேட்டால், சற்று முன் பட்ட அடிக்குத் திருப்பி அடிக்கிறான் என்று ஊரே பேசும்; அதில் பாதி உண்மையும் இருக்கும். வேறு ஏதாவது கேட்டு உட்கார்ந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வேலையும் அவளுக்கு. ஆனால் அவனுக்குத் தெரியும். அவளும் ஒரு நாள் தன் குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். இவன் கண்ணில் இது படாமல் போயிருக்காது என்பதையும் கண்டுபிடிப்பாள். பாவம் பார்க்காத என்று காலையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அதோடு, மறைக்க என்ன இருக்கிறது, அவனுக்கும் அந்த வேலை வேண்டும்.

"மேடம்" என்றான். "அடுத்த நீளத்துக்குப் போக முந்தின ரெண்டும் வேணும்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணைத்தான் சரிபார்த்திருக்கீங்க. வலப்பக்கம் ரெண்டு கட்டம்னா உண்மைன்னு எப்படித் தெரியும்?"

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "விட்டுட்டேன். தப்புதான்."

அவ்வளவு நேராகச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றான். அவள் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, வலப்பக்கம் இரண்டு என்ற வரியை எழுதி, இரண்டே அடியில் சரிபார்த்து, விட்ட இடத்தில் சேர்த்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பதில்தான். அவள் மறுபடியும் பெட்டிக்குள் கையை விட்டாள்.

"ஏன் ரெண்டு படி பார்க்கணும்னு இதுலயே தெரியுது" என்று மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "பட்டையோட கடைசித் துண்டைப் பாருங்க. அது சதுரமா இருந்தா, எடுத்துட்டா ஒரு கட்டம் குறைஞ்ச பட்டை. டொமினோவா இருந்தா ரெண்டு கட்டம் குறைஞ்ச பட்டை. அந்த ரெண்டையும் கூட்டறதுதான் நாம மேல எழுதின கூட்டல். டொமினோ இருக்கிறதாலதான் ரெண்டு படி கீழ பார்க்கறோம். அதனாலதான் தொடக்கத்துல ரெண்டு காலையும் ஊணணும். சாரோட ஏணியும் என்னோட பெட்டியும் ஒரே வேலையைத்தான் செய்யுது. நான் பெட்டியை மறந்துட்டு ஏணியில ஏறினேன், அதான் வழுக்கிடுச்சு."

வாயைத் திறக்காத நிபுணர் அப்போது திறந்தார். "மூணு கட்டத்தை மூடுற துண்டு ஒண்ணும் சேர்த்துக்கிட்டா?"

"கூட்டல்ல மூணு வரி வரும். மூணு தொடக்கம் பார்க்கணும்" என்றாள் உடனே.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே வேலை யாருக்கு என்று ஏணிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது வேலையைப் பற்றி இல்லை. இரண்டு தொடக்கம் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று இத்தனை ஆண்டு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். ஏன் என்று ஒரு பையன்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்படித்தான் என்று சொல்லி உட்காரவைத்திருப்பான். கடைசித் துண்டைக் கையில் எடுத்துக் காட்டலாம் என்று தோன்றியதே இல்லை.

மாலையில் துறைத்தலைவி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். வேலை பெட்டி மேடத்துக்கு. ஏணியின் பக்கம் திரும்பி, "அந்தக் கேள்வி வரைக்கும் எங்களுக்கு யாருன்னு முடிவு பண்ண முடியலை. அதுக்கு முன்னாடி அவங்க கணக்குல ஓட்டை இருந்ததையும் நாங்க பார்க்கலை. கேள்விக்கு உங்களுக்கு முழு மார்க். பதிலுக்கு அவங்களுக்கு முழு மார்க்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அது எந்த இடத்தில் போய்க் குத்தும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும். ஏணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டில் அவனுடைய அம்மா கதவைத் திறந்து, இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டாள். "அவளுக்கும்மா" என்றான். அம்மா மருமகளின் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டுக்குத்தானே வரப்போகிறது என்ற பேச்சை அதற்குப்பின் அவள் எடுக்கவில்லை.

சமையலறையில் அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அவன் சுவரோரம் நின்றான்.

"நான் கேட்டப்போ கோவம் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு. உன்னை அப்படியே..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "வந்துச்சு."

"நீ கேட்டப்போ எனக்கும் வந்துச்சு. ஒரு நிமிஷம். பழிவாங்கறான்னு நினைச்சேன்."

"கொஞ்சம் பழிதான்."

"தெரியும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வருத்தமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ரொம்ப இருக்கு. உனக்குக் கிடைச்சதுல சந்தோஷமும் இருக்கு, அது கொஞ்சம் பின்னாடி வரும். அவசரப்படுத்தாத."

"சரி" என்று பாலை ஊற்றினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் விருந்தாளிப் பேச்சு இல்லாமல் பேசியது அப்போதுதான். அவனுக்கு ஏதோ ஒரு சுமை இறங்கியதுபோல இருந்தது.

டம்ளரை வாங்கிக்கொண்டு அவன் தலை குனிந்து நின்றான். கண் தரையில் போனது. சுவரோரமாக ஒரு வரிசை ஓடு: வெள்ளைச் சதுரம், அதற்கடுத்து வெள்ளைச் சதுரம், அதற்கடுத்ததும் சதுரம். காலிலிருந்து அடுப்படி மேடை வரைக்கும் எண்ணினான். ஆறு. கடைசி டொமினோ இங்கே இருந்தால், இங்கே இருந்தால் என்று மனசு பழக்கதோஷத்தில் தொடங்கி, அப்படியே நின்றுவிட்டது. டொமினோவே இல்லை.

"எல்லாம் சதுரம்" என்றான். "நான் விட்டது அதுதான். கடைசி டொமினோ எங்க, எங்கன்னு தேடினேன். டொமினோவே இல்லாத வழி ஒண்ணு இருக்குன்னு தோணவே இல்லை. அதான் பதிமூணாவது."

"காலையில இதுமேலதான் நின்னு டீ குடிச்ச" என்றாள் அவள்.

"நீ பார்த்தியா?"

"நீ எந்தக் கணக்கை எடுத்திருக்கேன்னே எனக்குத் தெரியாது. நீ பலகையில எழுதினப்போதான் தெரிஞ்சுது. எழுந்து நிக்கறப்போ இந்தத் தரைதான் ஞாபகம் வந்துச்சு. உனக்கும் வரும்னு நினைச்சுத்தான் கேட்டேன். நீ சட்டுன்னு சொல்லிடுவ, கைதட்டு வாங்குவன்னு நினைச்சேன்." அவள் தன் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ அப்படி நின்னதும் என்னால தாங்க முடியலை. ஆனா கேட்டதைத் திருப்பி எடுத்துக்க முடியாதே."

அவன் டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு அந்த வரிசையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஓடுகளை வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எழுந்திரிங்க, ஈரத்தரை" என்றாள்.

"அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா" என்றான் அவன் மனைவியிடம். "அடுத்த கல்லூரியில வேலைக்குப் போறப்போ எவளாவது இதையே கேட்பா. அதுக்குள்ள எனக்கு ஒழுங்கா சொல்லிக்கொடு."